கீழ ரதவீதிக் கிளை போர்டை மாற்றச் சொல்லிக் கேட்கிறது: தலைமை அலுவலகம் என்ன பதில் எழுதுவது?

தலைமையகத்து மேசை

தேநீர்க் கடைச் சங்கிலி ஒன்றின் தலைமை அலுவலகத்தில் கிளைகளின் தோற்றத்தைப் பார்க்கும் பிரிவு எங்களுடையது. திருநெல்வேலி டவுன் கீழ ரதவீதியில் மேற்கு பார்த்த கிளை ஒன்று இருக்கிறது. அதன் பிராஞ்சைஸிக்காரர் ஐந்து மாற்றங்கள் கேட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறார். முகப்பு 14 அடி அகலம், போர்டு 14 அடிக்கு 3 அடி. அவர் கேட்பது:

போர்டில் கடைப் பெயர் ஆங்கிலத்தில் மட்டும் இருக்கிறது, தமிழில் பெரிதாக வேண்டும். அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்த கரும்சாம்பல் ஏ.சி.பி. ஷீட் மத்தியான வெயிலில் உப்பிக்கொண்டு நிற்கிறது, அதைக் கழற்றிவிட்டு மஞ்சள் ஃபிளக்ஸ் போட வேண்டும். தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் இரட்டைப் பக்க போர்டை ஆனித் தேரோட்டத்துக்கு ஒவ்வொரு வருசமும் கழற்றவேண்டியிருக்கிறது, அதை அடியோடு எடுத்துவிட வேண்டும். முகப்புக் கண்ணாடியை ஒரு பக்கம் திறந்து, நின்று குடிப்பவர்களுக்கு வெளியிலேயே டீ கொடுக்க வேண்டும். 'சூடான அல்வா கிடைக்கும்' என்று ஒரு போர்டு வேண்டும். இந்த ஐந்தாவதைக் கேட்பதற்கு முன்பே பேனர் கட்டிவிட்டார்.

நான் எழுதி வைத்திருக்கும் வரைவு:

"தங்கள் கடிதம் கிடைத்தது. ஒப்பந்தப்படி கிளையின் தோற்றத்தில் எவ்வித மாற்றமும் அனுமதிக்கப்படாது. ஏற்கெனவே கட்டிய பேனரை 7 நாட்களுக்குள் அகற்றவும். தவறினால் நடவடிக்கை எடுக்கப்படும். எனினும் உள்ளூர்ச் சூழலைக் கருதி, அவசியமானவை பின்னர் பரிசீலிக்கப்படும்."

இப்படியே அனுப்பலாமா?

ஒப்பந்தக்காரன்

அனுப்பலாம், கடைசி வரியை மட்டும் எடுத்துவிடுங்கள். நம் நாட்டில் பிராஞ்சைஸிக்கென்று தனிச் சட்டம் கிடையாது, 1872 ஒப்பந்தச் சட்டமும் நீங்கள் கையெழுத்து வாங்கிய தாளும்தான். அந்தத் தாளில், கிளையின் தோற்றம் எப்படி இருக்கவேண்டும் என்று சொல்லும் 'மேனுவலை மீறக்கூடாது' என்று இருக்கும். ஒருவருக்கு விட்டால் அடுத்த மாதம் பாளையங்கோட்டைக் கிளை கேட்கும், அதற்கடுத்த மாதம் வண்ணார்பேட்டை கேட்கும். ஐந்துக்கும் 'முடியாது' என்று ஒரே வரியில் எழுதி முடியுங்கள்.

கிளைச்சாவி

கடைசி வரியை எடுக்கவேண்டும் என்பது சரி. மற்றதற்கு என்னால் தலையாட்ட முடியவில்லை.

முதல் கோரிக்கைக்கு 'முடியாது' என்று எழுதினால், சட்டம் செய்யச் சொன்னதைச் செய்யாதே என்று தலைமை அலுவலகமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாக ஆகும். தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப் பலகையில் தமிழ் இருந்தாக வேண்டும், வேறு மொழி இருந்தால் தமிழுக்குக் கீழேதான். தமிழ், ஆங்கிலம், பிறமொழி மூன்றுக்கும் 5:3:2 என்று அளவும் சொல்லியிருக்கிறார்கள். தொழிலாளர் துறை ஆய்வாளர் வந்தால் கடைக்காரர் உங்கள் கடிதத்தைத்தான் எடுத்து நீட்டுவார். இந்த ஒன்றில் மாறவேண்டியது உங்கள் மேனுவல். அவர் உங்களிடம் சலுகை கேட்கவில்லை, நீங்கள் விட்ட பிழையைச் சுட்டிக்காட்டியிருக்கிறார்.

ஐந்தையும் ஒரே கட்டாகப் பார்த்ததுதான் வரைவில் உள்ள கோளாறு. தமிழ்ப் போர்டு சட்டம் கேட்பது. தேரும் வெயிலும் அந்த இடத்தின் இயல்பு. மஞ்சள் அவருடைய விருப்பம். அல்வா தோற்ற விஷயமே இல்லை, சரக்கு விஷயம். ஒவ்வொன்றுக்கும் பதிலும் வேறு, காரணமும் வேறு. பாளையங்கோட்டைக்காரர் நாளைக்கு வந்து கேட்டால், 'உங்கள் தெருவில் தேர் ஓடுகிறதா?' என்று திருப்பிக் கேட்க முடிகிற மாதிரிக் காரணம் இருக்க வேண்டும். ஆளைப் பார்த்துக் கொடுத்த அனுமதியைத்தான் அடுத்தவன் கேட்பான். இடத்தைப் பார்த்துக் கொடுத்ததைக் கேட்க முடியாது.

ஒப்பந்தக்காரன்

தமிழ்ப் போர்டு விதி எனக்கும் தெரியும். 1948 கடைகள் நிறுவனங்கள் விதிகளில் 15-வது விதி. ஆனால் அது கடைக்காரர் பொறுப்பு, தலைமை அலுவலகத்துக்கு அதில் என்ன வேலை?

கிளைச்சாவி

டீக்கடைக்கு நீங்கள் சொல்லும் விதி வராது. அங்கே நின்று சாப்பிடுகிறார்கள், குடிக்கிறார்கள். அதற்கு 1959-ஆம் வருச உணவு நிறுவன விதிகள், 42-பி. சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான் என்றாலும் கடிதத்தில் தவறான விதியைக் குறிப்பிட்டால் படிக்கிறவருக்கு மொத்தக் கடிதத்தின் மேலும் சந்தேகம் வரும்.

பொறுப்பு கடைக்காரருடையதுதான். ஆனால் அவர் கையைக் கட்டிப்போட்டது உங்கள் மேனுவல். 'அங்கீகரித்த கோப்பைத் தவிர வேறு எதையும் அச்சடிக்காதே' என்று அதில் எழுதியிருக்கிறீர்கள், தமிழ்க் கோப்பை மட்டும் கொடுக்கவில்லை. அவர் என்ன செய்வார்? பட்டறையில் உட்கார்ந்து தானே எழுத்துக் கூட்டுவார். ஒரு கிளையில் 'காபி', இன்னொன்றில் 'காஃபி', மூன்றாவதில் 'காப்பி' என்று ஆகும். உங்கள் வணிகக் குறியை நீங்களே மூன்றாக உடைக்கிறீர்கள். தமிழ் எழுத்துக்கூட்டல் ஒன்றை முடிவுசெய்து, அதன் வடிவத்தை உணவகச் சேவைக்கான 43-ஆம் வகுப்பில் தனியாகப் பதிவுக்குக் கொடுங்கள். ஆங்கிலப் பதிவு தமிழ் வடிவத்தையும் தானாகக் காக்கும் என்று நம்பி உட்காராதீர்கள்.

குற்றாலச் சாரல்

தென்காசியில் மருந்துக் கடை பிராஞ்சைஸி எங்களுடையது. எங்களுக்கும் போர்டுப் பிரச்சினைதான். மாநகராட்சியில் போர்டு அனுமதிக்கு எந்த பாரம் கொடுக்கவேண்டும் என்று யாராவது சொல்லுங்கள். ஆடிக் காற்றில் போர்டு தடதடவென்று ஆடுகிறது.

தலைமையகத்து மேசை

இங்கே பேசுவது அரசு அனுமதி அல்ல. கம்பெனி தன் கிளைக்கு எழுதும் பதில். தென்காசி நகராட்சிதானே, மாநகராட்சி எங்கே வந்தது?

போர்டு பட்டறை

தென்காசி அண்ணாச்சிக்கு ஒரு வார்த்தை. செங்கோட்டைக் கணவாய்க் காற்று அந்தப் பக்கம் ஜூனில் ஏறினால் செப்டம்பர் வரை இறங்காது. போர்டு ஆடுகிறது என்றால் சட்டகத்தைச் செங்கலில் வெறும் பிளாஸ்டிக் பிளக்கும் ஸ்குரூவும் போட்டு நிறுத்தியிருப்பார்கள். கான்கிரீட் பீமில் ஆங்கர் போல்ட் அடித்திருக்கிறதா என்று ஏணி வைத்துப் பாருங்கள். பாரம் அப்புறம்.

இனி டவுன் கடைக்கு. உப்பலுக்கும் நிறத்துக்கும் கொஞ்சம்தான் தொடர்பு. ஏ.சி.பி. ஷீட் 100 டிகிரி சூடு ஏறினால் மீட்டருக்கு 2.4 மில்லி நீளும். 8 அடி ஷீட் என்றால் 2.44 மீட்டர். விடியற்காலை 25 டிகிரியில் இருக்கும் கரும்சாம்பல் ஷீட், மேற்கு வெயில் நேராக அடித்தால் 70 தொடும். 45 டிகிரி வித்தியாசம், ஷீட் சுமார் இரண்டரை மில்லி நீளவேண்டும். நீள இடமில்லாமல் இரண்டு ஷீட்டையும் முட்டவைத்து, பின்னால் சதுரக் குழாயில் டேப் ஒட்டி, நான்கு ஓரமும் ஸ்குரூ இறுக்கினால் அது எங்கே போகும்? வெளியே உப்பும்.

சோதிக்க எளிய வழி இருக்கிறது. காலை ஏழு மணிக்கு ஒரு போட்டோ, மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு போட்டோ, இரண்டும் பக்கவாட்டில் நின்று எடுக்கவேண்டும். காலையில் தட்டை, மத்தியானம் உப்பல் என்றால் விரிவு. எப்போதும் உப்பலாக, அதுவும் ஓரத்தில் மட்டும் என்றால் டேப் விட்டிருக்கிறது. முதலாவதற்கு ஷீட்டின் ஓரங்களை மடித்துத் தட்டு மாதிரி செய்து, இரண்டு தட்டுக்கும் நடுவே 10 மில்லி பள்ளம் விட்டு, அதில் சிலிக்கான் நிரப்பவேண்டும். மஞ்சள் அடித்தால் சூடு குறையும், உப்பலும் கொஞ்சம் குறையும், ஆனால் முட்டவைத்த ஷீட் மஞ்சளிலும் உப்பத்தான் செய்யும். ஃபிளக்ஸ் அந்த மேற்கு வெயிலுக்கு வெளுத்துப் போகும், முதலில் போவது சிவப்பும் மஞ்சளும்தான்.

மேலரதவீதி

ஃபிளக்ஸ் வெளுத்தால் புதுசு மாட்டுவார்கள், இங்கே எல்லாக் கடையும் அப்படித்தான். ஆளாளுக்கு அளவு சொல்கிறீர்கள், ஊர்க்காரர் பக்கம் யாரும் பேசக் காணோம். டவுனில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் யாரும் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் டீ குடிக்க மாட்டான். தெருவில் நின்று கிளாஸைக் கையில் வாங்கவேண்டும். கோயிலுக்கு வந்த கூட்டம் செருப்போடு ஏ.சி.க்குள் நுழையக் கூசும். தலைமை அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு இது தெரியுமா?

கிளைச்சாவி

தெரியவேண்டும். அதனால்தான் நான்காவது கோரிக்கைக்குச் 'சரி, ஆனால் நாங்கள் சொல்கிற மாதிரி' என்று பதில் வரவேண்டும் என்கிறேன். 'ஒரு பக்கம் திறந்துகொள்ளுங்கள்' என்று மொட்டையாக எழுதினால் கிளைக்காரர் கண்ணாடிக்காரரைக் கூப்பிட்டு வெட்டச் சொல்வார். சூடேற்றி வலுவாக்கி டஃபன் செய்த கண்ணாடியை அதற்குப் பிறகு வெட்ட முடியாது, துளைக்கக்கூட முடியாது. ஓரத்தில் வெட்டுக்கருவி பட்டால் மொத்தப் பலகையும் நொறுங்கி உதிரும். அந்தப் பலகையையே எடுத்துவிட்டு, புது அளவில் துளை, வெட்டு எல்லாம் முடித்த பிறகு டஃபன் செய்த துண்டுகளை வாங்கவேண்டும்.

அளவை நீங்களே கொடுங்கள். வடக்கு ஓரப் பலகைக்குப் பதிலாக 4 அடி அகலத்தில் நகர்த்தும் ஜன்னல். கீழே 3½ அடி உயரம் வரை அதே கண்ணாடி, அதன் மேல் ஸ்டீல் மேடை. அந்த மேடை ஷட்டர் இறங்கும் கோட்டுக்கு உள்ளேயே முடியவேண்டும். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். ஆறு அங்குலம் வெளியே நீட்டிவிட்டு ராத்திரி ஷட்டரை இழுத்தால் மேடையில் உட்கார்ந்துவிடும். அப்புறம் மேடையை அறுப்பார்கள், அறுத்த விளிம்பு கையைக் கிழிக்கும். தெருப்பக்கம் கிளாஸ் வைக்க இடம் வேண்டுமென்றால் மடக்குப் பலகை போடட்டும், ஷட்டர் இறங்கும் முன் மடித்துவிடலாம்.

போர்டு பட்டறை

தேர் விஷயத்துக்கும் அதே மாதிரிதான் போகவேண்டும். நீட்டு போர்டை அடியோடு எடுக்கச் சொல்வது தேவையில்லாத வேலை. ரதவீதியில் நடந்து வருகிறவனுக்கு முகப்பு போர்டு தெரியாது, பக்கவாட்டில் நீட்டும் போர்டுதான் தெரியும். அதை எடுத்தால் கடைக்குத்தான் நஷ்டம்.

இப்போது என்ன நடக்கிறது என்றால், ஆனி பிறந்ததும் வெல்டரைக் கூப்பிட்டு பிராக்கெட்டை அறுக்கிறார்கள், வயரை வெட்டுகிறார்கள். தேர் நிலைக்கு வந்தபின் திரும்பப் பற்றவைத்து, வயரை முறுக்கி டேப் சுற்றுகிறார்கள். ஐப்பசி மழையில் அந்த டேப்புக்குள் ஈரம் இறங்கி, விளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர் போகும், இல்லையென்றால் ஒரு பக்கம் மட்டும் மங்கி எரியும். நீட்டு போர்டு ஒரு பக்கம் மங்கலாக எரிந்தால் முதலில் அந்த வயர் இணைப்பைத்தான் திறந்து பார்க்கணும், எல்இடியைக் குறை சொல்லக்கூடாது.

மாற்று இது: சுவரில் ஒரு இரும்புத் தகடு, நான்கு 10 மில்லி ஆங்கர் போல்ட். அது நிரந்தரம், சுவரை விட்டு இரண்டு அங்குலத்துக்கு மேல் வராது. போர்டின் கையை அந்தத் தகட்டில் இரண்டு போல்ட்டால் மாட்டுவது. வயரில் மழை புகாத திருகு இணைப்பான், ஐபி67 என்று கேட்டால் கொடுப்பார்கள். பிரித்தபின் சுவர்ப்பக்க முனைக்கு மூடி போடவேண்டும், மூடியை போர்டோடு சேர்த்துக் கட்டிவைத்தால்தான் தொலையாது. ஸ்பேனர் ஒன்று, ஏணி ஒன்று, இரண்டு ஆள், இருபது நிமிட வேலை. மெயினை அணைத்துவிட்டுத்தான் கைவைக்கவேண்டும் என்பதையும் கடிதத்திலேயே எழுதுங்கள்.

மேலரதவீதி

இதைக் கேட்டால் சரியாகத்தான் இருக்கிறது. தேருக்கு மட்டுமில்லை, சப்பரம் வரும் நாட்களிலும் இடிக்கும், அதையும் சேருங்கள்.

தலைமையகத்து மேசை

தமிழ் எழுத்து அளவை இன்னும் யாரும் சொல்லவில்லை. இப்போதைய ஆங்கிலப் பெயர் 18 அங்குலம். 36 அங்குல போர்டில் இரண்டு மொழியும் எப்படி அடங்கும்?

போர்டு பட்டறை

மேலும் கீழும் 4 அங்குலம் ஓரம் விடுங்கள், இரண்டு வரிக்கு நடுவே 3 அங்குலம். 36-இல் 11 போனால் 25 மீதி. ஐந்துக்கு மூன்று என்று பிரித்தால் தமிழ் 15½-க்குச் சற்று மேல், ஆங்கிலம் 9½-க்குச் சற்றுக் கீழ். தமிழில் 'ட', 'ப' மாதிரித் தட்டை எழுத்தின் உயரத்தைத்தான் 15½ என்று எடுக்கணும். 'கி', 'கீ' வளைவு மேலே ஏறும், 'கு', 'கூ' வால் கீழே இறங்கும். நடுவில் விட்ட 3 அங்குலத்தை அந்த வால் தின்றுவிடும். பெயரில் உகரம் இருந்தால் நடு இடைவெளியை 5 ஆக்கி, இரண்டு மொழி எழுத்தின் உயரத்தையும் அதற்கேற்பக் குறையுங்கள்.

ஆங்கில எழுத்து பாதியாகச் சுருங்குகிறது, அதன் கோட்டுத் தடிமனும் சுருங்கும். உள்ளே எல்இடி மாட்யூல் உட்கார ஒரு அங்குலமாவது வேண்டும். அதற்குக் கீழே போனால் எழுத்துக்குள் விளக்கு வைக்காமல் பின்னால் வைத்து ஒளிரவிடுங்கள். தமிழை வெளிச்சமில்லாமல் விட்டு ஆங்கிலத்தை மட்டும் எரியவிடுகிற தந்திரத்தைச் சில கம்பெனிகள் செய்யும். ராத்திரி எட்டு மணிக்கு அந்த போர்டில் ஆங்கிலம் மட்டும்தான் இருக்கும்.

கோப்பை அனுப்பும்போது எழுத்தைக் கோடாக மாற்றி அனுப்புங்கள். கோரல் டிரா மென்பொருளில் `Ctrl+Q`. அப்படியே எழுத்தாக அனுப்பினால் இங்கே பல பட்டறையில் பழைய கோரலும் யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவும்தான். யூனிகோடு அதில் திறந்தால் 'கெ'-யின் கொம்பு 'க'-வுக்குப் பின்னால் போய் நிற்கும். பையன் அதைக் கவனிக்காமல் வெட்டிவிடுவான், 15 அங்குலத்தில்.

ஒப்பந்தக்காரன்

5:3 எழுத்தின் உயரத்துக்கா, போர்டில் எடுக்கும் பரப்புக்கா? உயரம் சரியாக இருந்தும் ஆங்கிலப் பெயர் நீளமாக இருந்தால் பரப்பில் ஆங்கிலம் கூடிவிடுமே.

கிளைச்சாவி

நல்ல கேள்வி. இரண்டு விதமாகவும் பொருள் கொள்கிறார்கள். அதனால் இரண்டிலும் தேறுகிற மாதிரி வரைந்துவிடுவதுதான் பத்திரம். ஆங்கிலச் சொல் நீளமாக இருந்தால் 9½ என்பதை 8 ஆக்குங்கள், பரப்பையும் கணக்குப் போட்டு வரைபடத்தின் ஓரத்திலேயே எழுதிவையுங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். நான் மேலே கீழேதான் வைப்பேன்.

செலவு பற்றிக் கேட்காமலே சொல்கிறேன். தமிழ் வடிவமும் வரைபடமும் தலைமை அலுவலகச் செலவு. மேனுவலின் குறையால் வந்தது அது. உப்பலுக்கு, போர்டு அமைத்த ஒப்பந்ததாரர் யார் என்று பாருங்கள். நீங்கள் அனுப்பிய ஆள் என்றால் நீங்கள் கொடுக்கவேண்டும். அவராகப் பிடித்த ஆள் என்றால் அவர். ஜன்னலும் போல்ட் மாட்டலும் அவர் செலவு. இதை எழுதாமல் விட்டால் வேலை முடிந்த மறுநாள் பில் உங்கள் மேசைக்கு வரும்.

ஒப்பந்தக்காரன்

அல்வாப் பேனருக்காவது நோட்டீஸ் அனுப்பவேண்டாமா? கட்டியபிறகு கேட்பது அத்துமீறல்தானே.

கிளைச்சாவி

அத்துமீறல்தான். ஆனால் அதைத் தனிக் கடிதமாக அனுப்புங்கள். அனுமதியும் எச்சரிக்கையும் ஒரே தாளில் இருந்தால், நாளைக்கு வக்கீல் கையில் அது 'கம்பெனி விட்டுக்கொடுத்துத்தான் பேசியது' என்று ஆகும். அல்வா விற்கலாமா என்பது சரக்குப் பிரிவு சொல்லவேண்டியது: யார் கிண்டுவது, உணவு உரிமம் யார் பெயரில், எத்தனை நாள் வைத்திருப்பது. அதுவரை பேனர் கீழே. அனுமதி வந்தாலும் அந்த வார்த்தைகள் வெளி முகப்பில் வராது, ஜன்னலுக்குள் விலைப்பட்டியலில் ஒரு வரியாக வரும். டவுனில் அல்வா என்று எழுதிய போர்டுக்குப் பஞ்சமா என்ன, உங்கள் கடையைத் தனியாகக் காட்ட அது உதவாது.

இன்னொன்று. பகுதி மேலாளர் வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே என்ன சொல்லியிருக்கிறார் என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். 'சரி அண்ணாச்சி, பார்த்துக்கலாம்' என்றோ, ஒரு கட்டைவிரல் படமோ போட்டிருந்தால் உங்கள் 'முடியாது' வலுவிழக்கும். ஒப்பந்தச் சட்டம் 63-வது பிரிவின்படி, செய்யச் சொல்லிக் கேட்க உரிமை உள்ளவர் வேண்டாமென்று விட்டுவிடவும் செய்யலாம், நீங்கள் அப்படி விட்டுவிட்டதாக எதிர்ப்பக்கம் வாதாடும். 'முன்னர் யாரும் வாய்மொழியாகவோ செய்தியாகவோ சொன்னது அனுமதி ஆகாது, இந்தக் கடிதமும் வரைபடமும் மட்டுமே அனுமதி' என்று ஒரு வரி போடுங்கள்.

தலைமையகத்து மேசை

கேட்டேன். கட்டைவிரல் இருக்கிறது, மஞ்சள் ஃபிளக்ஸுக்கு.

புது வரைவு:

"அன்புள்ள அண்ணாச்சி அவர்களுக்கு, வணக்கம். தங்கள் கடிதத்தில் உள்ள ஐந்து கோரிக்கைகளில் நான்குக்கு இங்கே பதில் தருகிறோம். அல்வா குறித்துத் தனிக் கடிதம் வருகிறது.

பெயர்ப் பலகையில் தமிழ் வேண்டும் என்று தாங்கள் கேட்டது சரி. எங்கள் மேனுவலில் அது விடுபட்டது எங்கள் குறை. தமிழ் மேலே, ஆங்கிலம் கீழே, 5-க்கு 3 என்ற அளவில் வரைபடம் இணைத்துள்ளோம். எழுத்துக்கூட்டலையும் எழுத்தின் வடிவத்தையும் மாற்றாமல் அந்தக் கோப்பையே பயன்படுத்தவும். இரண்டு மொழியும் இரவில் எரியவேண்டும். வடிவமைப்புச் செலவு எங்களுடையது.

மஞ்சள் ஃபிளக்ஸுக்கு அனுமதி இல்லை. பகுதி மேலாளர் செய்தியில் அனுப்பிய குறியைத் தாங்கள் அனுமதி என்று எடுத்துக்கொண்டிருக்கலாம். அதனால் ஏற்பட்ட குழப்பத்துக்கு வருந்துகிறோம். ஃபிளக்ஸ் அச்சடிக்க ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால் ரசீதை அனுப்பவும், அதை நாங்கள் தருகிறோம். ஷீட் உப்புவது நிறத்தால் மட்டும் அல்ல, இணைப்பில் இடைவெளி விடாததால். காலை ஏழு மணிக்கும் மத்தியானம் மூன்று மணிக்கும் பக்கவாட்டில் எடுத்த இரண்டு படங்களை அனுப்பவும். விரிவுதான் என்றால் இரண்டு ஷீட்டையும் மடித்த தட்டாக, 10 மில்லி இடைவெளியுடன் மாற்றித் தருவோம். முதலில் அமைத்தவர் நாங்கள் அனுப்பிய ஒப்பந்ததாரர் என்பதால் செலவும் எங்களுடையது.

நீட்டு போர்டு இருக்கவேண்டும். ரதவீதிக் கிளை என்பதால் கழற்றி மாட்டும் பிராக்கெட்டுக்கு அனுமதி தருகிறோம், வரைபடம் இரண்டாவது பக்கத்தில். தேர், சப்பரம் வரும் நாட்களில் மெயினை அணைத்துவிட்டுக் கழற்றி, முடிந்த மூன்று நாட்களுக்குள் திரும்ப மாட்டவும்.

நின்று குடிப்பவர்களுக்கான ஜன்னலுக்கு அனுமதி உண்டு: வடக்கு ஓரப் பலகையில் 4 அடி, மேடை 3½ அடி உயரத்தில், ஷட்டர் கோட்டுக்கு உள்ளே. இப்போதுள்ள கண்ணாடியை வெட்ட முயலவேண்டாம், புதிதாக வாங்கவும். இதன் செலவும் பிராக்கெட்டின் செலவும் தங்களுடையது.

இந்த அனுமதிகள் இந்தக் கட்டடத்துக்கும் ஒப்பந்தக் காலத்துக்கும் மட்டும். முன்னர் வாய்மொழியாகவோ செய்தியாகவோ சொன்னது எதுவும் அனுமதி ஆகாது. வேலை தொடங்கும் முன் பட்டறைக்காரரின் வரைபடத்தை அனுப்பவும், நான்கு வேலை நாட்களில் பதில் தருவோம்."

ஒப்பந்தக்காரன்

வருந்துகிறோம் என்று ஏன் எழுதுகிறீர்கள்? குறையை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிறது. மேனுவல் விஷயத்திலும் 'எங்கள் குறை' என்று எழுதியிருக்கிறீர்கள்.

கிளைச்சாவி

குறைதானே. கட்டைவிரலை நம்பிக் காசு கொடுத்த மனுசனிடம் அதைப் பேசாமல் 'அனுமதி ஆகாது' என்று மட்டும் எழுதினால் அவர் போர்டையே மாட்டிவிட்டுப் பிறகு பேசுவார். 'மேனுவலில் விடுபட்டது' வரியை வேண்டுமானால் உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள், அதில் எனக்கு இரண்டு மனசு இருக்கிறது.

நான்கு நாள் என்பதைக் காப்பாற்றுவீர்களா? பதில் தாமதமானால் பட்டறைக்காரர் காத்திருக்க மாட்டார், ஆர்டரை அடுத்தவருக்குத் தள்ளிவிட்டு இதைக் கடைசியில் அவசரமாக முட்டவைத்து ஒட்டிவிடுவார்.

மேலரதவீதி

கடைவாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் கட்டுவார்கள், மேனுவலில் அதற்கு இடம் உண்டா? நீங்கள் எழுதாவிட்டாலும் கட்டத்தான் போகிறார்.

தலைமையகத்து மேசை

எழுத்தின் மேல் விழாமல், போர்டுக்குக் கீழே ஒரு கொக்கி வரைந்துவிடுகிறோம். வருசத்துக்கு நான்கு தடவை ஷீட்டில் ஆணி அடிப்பதைவிட அது மேல்.

போர்டு பட்டறை

கொக்கியை ஷீட்டில் வைக்காதீர்கள், பின்னால் உள்ள சட்டகத்தில் பற்றவைக்கச் சொல்லுங்கள். பூசணிக்காயின் கனம் தொடர்ந்து இழுத்தால் ஷீட்டு மடங்கும்.

அப்புறம், ஷட்டரில் கடைப் பெயர் எந்த மொழியில் எழுதியிருக்கிறது?

தலைமையகத்து மேசை

ஆங்கிலத்தில் மட்டும். அதைப் பார்க்கவே இல்லை. கடிதத்தை நிறுத்திவைத்திருக்கிறேன்.